அடுத்த ட்யூட்டிக்கு ஒரு வரி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நேற்று போனில் நீ அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடம் டைமர் வைத்தாய், பதினோராவது நிமிடமே மனம் எங்கோ போய்விட்டது, திரும்பி வந்து பார்த்தால் அதே பக்கம், அதே முதல் பத்தி. "எனக்கு அந்த இருபத்தைந்து நிமிடம்கூட முடியலம்மா" என்றாய். போனில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த இருபத்தைந்தை விடு. 1980-களின் கடைசியில் இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், சமையலறையில் கிடந்த தக்காளி வடிவ டைமரைத் திருகி வைத்துப் படித்த முறை அது. அதனால்தான் அதற்குப் பொமோடோரோ முறை என்று பெயர், பொமோடோரோ என்றால் அவர்கள் மொழியில் தக்காளி. அவரே பத்து நிமிடமாவது ஒழுங்காகப் படிக்க முடிகிறதா என்று தன்னோடு பந்தயம் கட்டித்தான் தொடங்கினார். இருபத்தைந்து பிறகு வந்தது. உன் அளவு என்ன என்று நீதான் அளந்து பார்க்க வேண்டும். மூன்று நாள், படிக்க உட்காரும் நேரத்தையும் "அடடா, மனம் போயிருக்கிறதே" என்று முதலில் தெரியும் நேரத்தையும் குறித்து வை. பதினான்கு, பதினொன்று, பதின்மூன்று என்று வந்தால் உன் கட்டம் பத்து நிமிடம். மனம் நழுவிய பிறகு மணி அடித்து என்ன பயன்? நழுவுவதற்குச் சற்று முன்பே அடிக்க வேண்டும்.

ஆனால் உன் சிக்கல் நேரம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். இடைவேளைக்குப் பிறகு எங்கே விட்டோம் என்று தெரியாமல் பக்கத்தின் தலைக்கே போகிறாய். அதனால் ஒவ்வொரு பாடத்திலும் முதல் பத்தி உனக்கு மனப்பாடம், கடைசிப் பத்தி கண்ணிலேயே படவில்லை. போன அரியர் தாளில் நடந்ததும் இதுதானே?

வார்டில் நர்ஸாக முப்பது வருடம் இருந்தேன். ட்யூட்டி மாறும்போது ரிப்போர்ட் எழுதாமல் யாரும் கிளம்ப மாட்டோம். அடுத்து வருபவளுக்கு நம் தலைக்குள் இருப்பது தெரியாது. "ஏழாம் கட்டில் நன்றாக இருக்கிறார்" என்று எழுதினால் அவளுக்கு ஒன்றும் உதவாது. "ஏழாம் கட்டில், இரண்டாவது பாட்டில் ஓடுகிறது, பத்து மணிக்கு பி.பி. பார்க்க வேண்டும்" என்று எழுதினால் அவள் நேராக வேலைக்குப் போகலாம். இடைவேளை முடிந்து வந்து உட்காரும் நீயும் அடுத்த ட்யூட்டிக்காரிதான். அவளுக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டு எழுந்திரு.

நீ பயப்படும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் குறைந்தால் உடல் அதை ஏற்றும் வழி அது, ஒரு சங்கிலி. சங்கிலியைப் பக்கக் கணக்கில் வெட்டாதே, கண்ணி முடியும் இடத்தில் வெட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தாளின் தலையில் ஒரே ஒரு கேள்வி எழுது.

முதல் கட்டம்: சிறுநீரகம் எப்போது ரெனினை விடுகிறது? உள்ளே வரும் ரத்தத்தின் அழுத்தம் குறையும்போது, சிறுநீரகக் குழலில் உப்பு குறையும்போது, சிம்பதெடிக் நரம்பு தூண்டும்போது. இதை ஆறு நிமிடம் பேனாவோடு படி. புத்தகத்தை மூடிவிட்டு மூன்று நிமிடம் அம்புக்குறி போட்டு வரைந்து பார். கடைசி ஒரு நிமிடம் ரிப்போர்ட்: "ரெனின் ரத்தத்துக்கு வந்தாச்சு. அடுத்து: அது யாரைப் பிடித்து வெட்டுகிறது?" அவ்வளவுதான், எழுந்திரு.

இரண்டாவது கட்டம் அந்தக் கேள்வியிலேயே தொடங்கும். கல்லீரலிலிருந்து வரும் ஆஞ்சியோடென்சினோஜனை ரெனின் வெட்டினால் ஆஞ்சியோடென்சின் 1. முக்கியமாக நுரையீரலில் இருக்கும் ஏ.சி.இ. என்ற என்சைம் அதை 2 ஆக்குகிறது. மூன்றாவது கட்டத்தில் அந்த 2 என்ன செய்கிறது என்று பார். ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை வரவழைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது, சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. எனலாப்ரில் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்கு நாங்கள் ஏன் பொட்டாசியம் பார்க்கச் சொல்வோம் என்று இப்போது உனக்கே புரியும். அந்த மாத்திரை இரண்டாவது கட்டத்து ஏ.சி.இ.யைத் தடுக்கிறது, ஆல்டோஸ்டிரோன் குறைகிறது, பொட்டாசியம் உடலிலேயே தங்கிவிடுகிறது. (சிலருக்கு வறட்டு இருமல் வருவதும் அந்த மாத்திரையால்தான். உன் தாத்தா ஆறு மாதம் கஷாயம் குடித்துப் பார்த்தார்.)

துண்டு துண்டாகப் படிப்பதில் ஒரு ஆபத்து உண்டு. மூன்று துண்டும் தெரியும், முழுசு தெரியாது. பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு முழுசையும்தான் கேட்பார்கள். அதனால் நான்காவது கட்டத்தில் புதிதாக எதுவும் படிக்காதே. வெற்றுத் தாள், புத்தகம் மூடியிருக்க, தொடக்கம் முதல் கடைசிவரை வரைந்து பார். எங்கே கை நிற்கிறதோ அந்தக் கண்ணியை மட்டும் திறந்து பார். மறுநாளும் அதே இடத்தில் நின்றால் அந்தக் கட்டம் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாக வெட்டு. எனக்குத் தோன்றுகிறது, மூன்றாவது உனக்கு அப்படித்தான் ஆகும்.

நடுவில் மனம் போகத்தான் செய்யும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, மேலே "அப்புறம்" என்று எழுது. "பக்கெட் வாங்கணும்", "சித்திக்கு போன்" என்று ஒரு சொல்லில் குறித்துவிட்டுக் கடைசியாக வரைந்த அம்புக்கே திரும்பு. பக்கத்தின் தலைக்கு மட்டும் போகாதே. மணி அடிக்கும்போது படிப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் தொடரலாமா என்று கேட்பாய். தொடரலாம், ஆனால் ரிப்போர்ட் வரியை எழுதிவிட்டுத் தொடர். அறைத் தோழி கூப்பிட்டாலும் அந்த வரி காப்பாற்றும்.

இடைவேளை நான்கு நிமிடம். நட, தண்ணீர் குடி, மொட்டை மாடியைப் பார். போனைத் தொடாதே, ரீல்ஸ் நான்கு நிமிடத்தில் முடிகிற சமாசாரம் இல்லை. போனில் டைமர் வைப்பதும் அதனால்தான் வேண்டாம். நான்கு கட்டம் முடிந்தால் அரை மணி நேரம் முழு ஓய்வு. ஒரு நாளைக்கு இப்படி இரண்டு சுற்று இப்போதைக்குப் போதும். நைட் போஸ்டிங் முடிந்து வந்த காலையில் இதை முயலவே முயலாதே, தூங்கு.

இன்னொன்று. ஒரு மாதம் இப்படிச் செய்தும் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் சோம்பேறி என்று உன்னைத் திட்டிக்கொள்ளாதே. முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்போம். நீ மூன்றாம் வகுப்பிலேயே டிபன் பாக்ஸையும் ஸ்கேலையும் வாரம் ஒன்றாகத் தொலைத்தவள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, யோசிக்கத் தோன்றவில்லை. கவனக் குறைபாடு இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் காட்டுவோம். அதற்கு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. நானே கூட வருகிறேன்.

முறுக்கோடு ஒரு திருகு டைமரும் பார்சலில் வருகிறது. பாத்திரக் கடையில் வாங்கினேன், டிக் டிக் என்று சத்தம் கேட்கும், தோழி திட்டினால் தலையணைக்கு அடியில் வை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்க மாட்டேன். நீ எழுதிய ரிப்போர்ட் வரிகளை வாசித்துக் காட்டு, போதும்.

அன்புடன்,
அம்மா