‘படுகிறது’ பட்ட பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மொழிபெயர்ப்பு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை காபியோடு. இரண்டாம் முறை, காபி ஆறிப்போன பிறகு. கட்டுரை முழுவதையும் குறை சொல்ல மாட்டேன். கவிதை மொழிபெயர்ப்பு பற்றி அவர் எழுதியது எனக்குத் தெரியாத விஷயம்; நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் ஒரு வரி வைத்திருக்கிறார்: ‘அரசுக் கடிதங்களிலும் தீர்ப்புகளிலும் வரும் “படுகிறது”க்களை ஆங்கிலத்தில் துணிந்து வெட்டி எறிய வேண்டும், ஆங்கிலம் நேராகப் பேசும் மொழி.’

வெட்டி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வெட்டு யார் மேல் விழுந்தது என்பதும் தெரியும். மாவட்ட நீதிமன்றத்தில் 29 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் டைப்டு செட்டுகளுக்கு, அதாவது மனுவோடு தட்டச்சு செய்து சேர்க்கும் ஆவணக் கட்டுகளுக்கு, வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவின்படி அங்கே மொழி ஆங்கிலம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தாலுகா அலுவலகத்தின் தமிழ்க் கடிதம் ஆங்கிலமாகித்தான் நீதிபதியின் மேசைக்குப் போகும். அந்த ஆங்கிலத்தில் இல்லாதது, அங்கே இல்லாததுதான்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு அப்பா காலத்துக் கிரயப் பத்திரத்தோடு கொஞ்சம் நிலம். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் கணக்கு எழுதியபோது அந்தப் புல எண்ணில் ஒரு பகுதி குட்டை என்று பதிவாகிவிட்டது. குட்டை எதுவும் அங்கே கிடையாது, தென்னைதான் நிற்கிறது. அந்தக் காலத்துக் கணக்கில் இப்படித் தவறுகள் நடந்தது ஊருக்கே தெரிந்த விஷயம். பேரன் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோதுதான் பெரியவருக்கு இது தெரிய வந்தது. பட்டா கேட்டு மனுப் போட்டார். வந்த பதிலை எழுத்துக்கு எழுத்து தருகிறேன்:

‘மேற்படி புலம் வருவாய்க் கணக்குகளில் நீர்நிலைப் புறம்போக்கு எனத் தாக்கலாகியுள்ளதாகத் தெரிய வருவதால், தங்கள் கோரிக்கையைத் தற்போதைய நிலையில் பரிசீலிக்க இயலாத நிலை உள்ளது எனத் தெரிவிக்கப்படுகிறது.’

அழகான வாக்கியம் என்று சொல்ல வரவில்லை. வாயில் போட்டு மென்றால் சக்கைதான் வரும். பெரியவரின் வக்கீல் இதை ஒரு ஜூனியரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொன்னார். தம்பி தங்கள் கட்டுரையாளரின் கட்சி போலிருக்கிறது. அவர் எழுதிய ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இந்த நிலம் நீர்நிலை. எனவே தாசில்தார் உங்கள் கோரிக்கையை நிராகரித்தார்.’ நேராகப் பேசுகிறதல்லவா?

இப்போது பாருங்கள். தாசில்தார் ‘நீர்நிலை’ என்று சொல்லவே இல்லை. கணக்கில் அப்படி இருக்கிறது என்றார். அதையும் தானே பார்த்து உறுதி செய்ததாகச் சொல்லாமல், ‘தெரிய வருகிறது’ என்று ஒரு அடி தள்ளியே நின்றார். பெரியவரின் வழக்கே கணக்கு தப்பு என்பதுதான். ‘தாக்கலாகியுள்ளது’ என்ற சொல் நிற்கும்வரை அந்த வழக்கும் நிற்கும். அதை எடுத்துவிட்டால், இது நீர்நிலைதான் என்று பெரியவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். அதுதான் நடந்தது. அரசு வழக்கறிஞர் சிரமமே படவில்லை. மனுதாரரின் சொந்த டைப்டு செட்டைத் திருப்பி, அந்தப் பக்கத்தைப் படித்தார். நீர்நிலை என்றால் உயர் நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பு காட்டும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரி குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது.

அப்புறம் அந்த ‘நிராகரித்தார்’. தாசில்தார் நிராகரிக்கவில்லை. யு.டி.ஆர். பதிவைத் திருத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. மாவட்ட வருவாய் அலுவலரிடம் போக வேண்டும். அதிகாரம் இல்லாத ஆள் ‘மறுக்கிறேன்’ என்று எப்படி எழுதுவார்? அதனால்தான் ‘இயலாத நிலை உள்ளது’ என்றார். ‘தற்போதைய நிலையில்’ என்று கதவைக் கொஞ்சம் திறந்தும் வைத்தார். கடைசியில் ‘ஆணையிடப்படுகிறது’ என்று முடிக்காமல் ‘தெரிவிக்கப்படுகிறது’ என்று முடித்தார். ஆக இது ஆணை இல்லை, தகவல். ஜூனியரின் ஆங்கிலத்தைப் படித்த சீனியர் என்ன செய்தார்? அந்த ‘நிராகரிப்பு ஆணை’யை ரத்து செய்து பட்டா வழங்கச் சொல்லும்படி செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் என்ற ரிட் மனுவைப் போட்டார். ரத்து செய்ய அங்கே ஆணையே இல்லை. சீனியர் தமிழ் தெரியாதவர் அல்லர். ஆனால் டைப்டு செட்டில் ஆங்கிலம் மேலே இருக்கும், தமிழ் கீழே இருக்கும். யார் புரட்டுகிறார்கள்?

வழக்கை வாபஸ் வாங்கி, கடிதத்தை என்னிடம் கொடுத்து மறுபடி மொழிபெயர்த்து, மாவட்ட வருவாய் அலுவலரிடம் முதலிலிருந்து ஆரம்பித்ததில் 14 மாதம் போயிற்று. நான் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. ‘ரெக்கார்டட் அஸ்’ என்று இரண்டு சொல், ‘இட் அப்பியர்ஸ்’ என்று இரண்டு சொல், ‘அட் ப்ரெசன்ட்’ என்று இரண்டு சொல், கடைசியில் ‘யூ ஆர் இன்ஃபார்ம்டு’. மொத்தம் ஒன்பது சொல். இதற்குப் பக்கக் கணக்கில் எனக்குக் கிடைத்த கூலியைச் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள்.

நான் சக்கையை எல்லாம் அப்படியே கட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ‘பரிசீலிக்க இயலாத நிலை உள்ளது’ என்ற நான்கு சொல்லை ஆங்கிலத்தில் ‘கெனாட் பி கன்சிடர்டு’ என்று மூன்றில் முடிக்கலாம். நிலையும் உள்ளதும் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் ஒவ்வொரு வினையிடமும் கேட்பது இரண்டு கேள்விதான். இதைச் சொல்வது யார்? எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்? இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பதில் அப்படியே இருந்தால், வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். ‘வீட்டில் பணம் இருக்கிறது’ என்பதற்கும் ‘வீட்டில் பணம் இருக்கிறதாம்’ என்பதற்கும் வித்தியாசம் தெரியாத பாட்டி நம் ஊரில் உண்டா? ‘ஆம்’ ஒட்டுவதைப் பாட்டி செய்தால் பேச்சு நயம், தாசில்தார் ‘தெரிய வருகிறது’ என்று எழுதினால் மட்டும் வழவழா!

அரசு ‘நான்’ என்று பேசாததற்கும் காரணம் உண்டு. மாநில அரசின் நிர்வாக நடவடிக்கைகள் எல்லாம் ஆளுநரின் பெயரால் எடுக்கப்பட்டதாகத்தான் சொல்லப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 166-ஆவது பிரிவு. அரசாணையின் அடியில் அடைப்புக்குறிக்குள் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று வருவது அதனால்தான். கீழே கையெழுத்துப் போடும் செயலாளரை எழுவாயாக்கி ‘செயலாளர் ஆணையிட்டார்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது துணிச்சல் இல்லை, தப்பு.

தீர்ப்புகளில் கூத்து இன்னும் அதிகம். எங்கள் குற்றவியல் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் ‘எதிரி’. ‘1-ஆம் எதிரி’யை ஆங்கிலத்தில் ‘எனிமி’ ஆக்கிய ஒரு பிரதியை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதையாவது சிரித்துவிட்டுத் திருத்தலாம். காவலர் தேர்வுக்குப் போன ஒரு பையனின் கதையில் சிரிக்க எதுவும் இல்லை. பழைய அடிதடி வழக்கில் அவன் விடுதலை. தீர்ப்பில் இருந்தது, ‘குற்றச்சாட்டு சந்தேகத்திற்கு அப்பாற்பட்டு நிரூபிக்கப்படாததால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்யப்படுகிறார்’ என்று. நல்லது செய்வதாக நினைத்து யாரோ அதை ‘குற்றச்சாட்டு பொய் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது’ என்று ஆங்கிலமாக்கிக் கொடுத்தார். நிரூபிக்கப்படாதது வேறு, பொய் என்று நிரூபிக்கப்பட்டது வேறு. சாட்சியச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனியே பொருள் சொல்லிவைத்திருக்கிறது. காவலர் பணி விதிகளிலோ, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று இருக்கிறது. அதிகாரிகளிடம் தமிழ்ச் சான்று நகலும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உள்ள சங்கடம் போதாதென்று, உண்மையை மறைத்தான் என்ற பழியும் பையன் தலையில் ஏறியது.

ஆங்கிலம் நேராகப் பேசும் மொழியாம். உயர் நீதிமன்றத்தின் ஏதாவது ஒரு ஆங்கில உத்தரவைக் கட்டுரையாளர் படித்துப் பார்க்கட்டும். ‘ப்ரைமா ஃபேசி’, ‘அலெஜ்டு’, ‘இட் ஈஸ் சப்மிட்டட்’ இல்லாத பக்கம் கிடைத்தால் எனக்கு அனுப்பி வைக்கட்டும். ‘படு’ என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன நோய் என்று வேறு ஓரிடத்தில் சொல்கிறார். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்று எழுதிய வள்ளுவருக்கு எந்த வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தான்?

தங்கள் இதழும் இதில் சுத்தம் இல்லை, மன்னிக்கவும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதத்தில் ‘ஆக்கிரமித்ததாகக் கூறப்படும் இடம்’ என்று இருந்ததை ‘ஆக்கிரமித்த இடம்’ என்று சுருக்கிப் போட்டீர்கள். இடத்துக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கள் அலுவலக வாசலுக்கு வரவில்லை. அப்போது நான் எழுதிய மறுப்பு இன்றுவரை வரவில்லை. பரவாயில்லை, இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும்.

என் கோரிக்கை சின்னது. அந்தக் கட்டுரையை ஆண்டு மலரில் மறுபடி சேர்க்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், அல்லது நீதிமன்ற ஆவணங்களுக்கு இது பொருந்தாது என்று அடியில் ஒரு குறிப்புப் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் தாராளமாகச் சுருக்குங்கள், வள்ளுவரைக்கூட எடுத்துவிடலாம். தாசில்தாரின் வாக்கியத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.