அடமானம் என்றால் அடமானம் என்றே எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்வெல் போடுவதற்காக என் சித்தப்பா, ஊரில் வட்டிக்கு விடும் ஒருவரிடம் 3 லட்சம் ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு மூன்று வட்டி, மாதம் 9,000. ஈடாக ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பத்திரம் எழுதும் அன்று அந்த ஆள், "அடமானம்னு போட்டா பின்னாடி சிக்கல். கிரையமா எழுதிக்கலாம், பணம் வந்ததும் திருப்பி எழுதித் தந்துடறேன்" என்றார். முத்திரைத்தாள் செலவையும் அவரே ஏற்றார். கிரையத்துக்கு அடமானத்தைவிடச் செலவு பல மடங்கு. கடன் கொடுப்பவர் ஏன் அதைத் தன் கையிலிருந்து போடுகிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

26 மாதம் வட்டி மட்டும் 2,34,000 ரூபாய் கட்டினார் சித்தப்பா. ரசீது ஒன்றுகூட இல்லை. அசலைப் புரட்டிக்கொண்டு போனபோது, "வித்த நிலத்துக்கு எதுக்குப்பா பணம்?" என்று கேட்டிருக்கிறார். அதற்குள் பட்டாவும் அவர் பேருக்கு மாறியிருந்தது.

வக்கீலிடம் போனோம். பத்திரத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார்: 'இனி இச்சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை.' சித்தப்பா கையெழுத்து அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவதாகத் தனியே ஒரு 20 ரூபாய் முத்திரைத்தாளிலும் எழுதி வாங்கியிருந்தோம். அதைத்தான் நாங்கள் பெரிதாக நம்பினோம். ஆனால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவுப்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரையப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அதை அடமானமாகக் கொள்ள வழியுண்டு. தனித்தாளில் இருந்தால் அது திருப்பி விற்பதற்கான வெறும் ஒப்பந்தம். சொன்ன கெடு தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. சித்தப்பா போனது 26 மாதம் கழித்து.

அடமானம் என்றே எழுதிப் பதிந்திருந்தால் கதையே வேறு. வட்டி பாக்கி விழுந்தாலும் நிலம் தானாகக் கடன் கொடுத்தவருக்குப் போய்விடாது, அவர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மீட்க நமக்கு 30 வருடம் வரை உரிமை உண்டு. அவர் சொன்ன 'சிக்கல்' இதுதான், அதுவும் அவருக்கு.

கிரையம் பேருக்குத்தான் எழுதியது, உண்மையில் கடன் என்று இப்போது வழக்குப் போட்டிருக்கிறோம். அதை நிரூபிக்கும் பாரம் எங்கள் தலையில். நிலம் இன்னும் சித்தப்பா பயிரில் இருப்பது ஒரு சாட்சி. வட்டியை வங்கி வழியாகக் கட்டியிருந்தால் அதுவும் சாட்சியாகியிருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். விவசாய நிலம் கிரையமாகும்போது, எழுதிக் கொடுப்பவரைத் தனியே கூப்பிட்டு, "விற்கிறீர்களா, கடனுக்கு வைக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று யாராவது கேட்டிருந்தால் சித்தப்பா, "கடனுக்குத்தாங்க" என்று சொல்லியிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்