'புத்தம் புதிய முட்டை' வேண்டாம்: சமையல் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சமையல் குறிப்பு எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். பெரிய சமையலறை ஒன்றில் முட்டை அவித்து உரிப்பதும் என் வேலைகளில் ஒன்று. அவித்த முட்டை வரும் குறிப்புகளில் அடிக்கடி ஒரு வரியைப் பார்க்கிறேன்: 'புத்தம் புதிய முட்டைகளை வேகவைத்து, ஓட்டை உரித்து, முழுதாக எடுத்து வைக்கவும்.' அந்த 'புத்தம் புதிய' இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆம்லெட்டுக்குப் புது முட்டை நல்லது. முழுசாக உரித்துத் தட்டில் வைக்க வேண்டிய முட்டைக்கு அது சரிப்படாது.

இன்று இட்ட முட்டையை அவித்து உரித்துப் பாருங்கள். ஓட்டில் ஒரு துண்டைக் கிளப்பினால், அதோடு வெள்ளைக்கருவும் ஒரு சில்லு பெயர்ந்து வரும். நகத்தால் சுரண்டிச் சுரண்டி முடிப்பதற்குள் முட்டை குண்டும் குழியுமாக ஆகியிருக்கும். சில இடங்களில் மஞ்சள் கருவே எட்டிப் பார்க்கும். அவித்தவர் கைப்பக்குவத்தைக் குறை சொல்வது வழக்கம். பாவம், அவர் என்ன செய்வார்?

வெள்ளைக்கரு ஒட்டிக்கொள்வது ஓட்டில் இல்லை. ஓட்டை ஒட்டி உட்புறம் இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவற்றில் உள்ளே இருக்கும் சவ்வுதான் வெள்ளைக்கருவைத் தொட்டுக்கொண்டிருப்பது. புது முட்டையை அவிக்கும்போது வெள்ளைக்கருவின் புரதம் அந்தச் சவ்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே உறைகிறது. எவ்வளவு கெட்டியாக என்றால், வெள்ளைக்கரு தனக்குள்ளேயே ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைவிட அதிகமாக. அதனால் இழுக்கும்போது சவ்வு விடுவதில்லை, வெள்ளைக்கருதான் கிழிகிறது.

இதற்குக் காரணம் ஒரு வாயு. கோழி இட்ட உடனே வெள்ளைக்கருவில் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருக்கும். அது இருக்கும்வரை வெள்ளைக்கருவின் பிஎச் அளவு 7.6 முதல் 7.9 வரை, அதாவது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை லேசாக மட்டுமே இருக்கும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நாள் போகப் போக அவற்றின் வழியாக வாயு வெளியேறும். வெள்ளைக்கருவின் காரம் ஏறும். பிஎச் 9-ஐத் தாண்டிவிடும். ஏறக்குறைய 8.7, 8.9 என்ற அளவைக் கடந்ததும் சவ்வின் மீதான பிடி தளர்ந்து, ஓடு சுலபமாகக் கழலத் தொடங்குகிறது. பழைய முட்டை உதவுவதற்கு முதல் காரணம் இந்த மாற்றம்தான்.

துணைக்கு இன்னொன்றும் நடக்கிறது. அதே துளைகள் வழியே ஈரமும் வெளியேறுவதால், முட்டையின் அகன்ற முனையில் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே இருக்கும் காற்றறை பெரிதாகிறது. அந்த முனையைத் தட்டினால் விரல் நுழைக்க இடம் கிடைக்கும். உரிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் காற்றறை மட்டும் பெரிதாக இருந்து காரம் ஏறாமல் இருந்தால், தொடக்கம் சுலபமாக இருந்தாலும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முட்டையின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது என்று வாசகர் கேட்பார். அதே அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். வெள்ளைக்கரு மங்கலாக, பால் கலந்த மாதிரி தெரிந்தால் வாயு இன்னும் உள்ளேயே இருக்கிறது, அவிப்பதைத் தள்ளிப்போடலாம். கண்ணாடி மாதிரி தெளிந்து, சற்றே பரவி நின்றால் அவிக்கலாம். உடைக்க மனமில்லாதவர் தண்ணீரில் போட்டுப் பார்க்கட்டும். புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். நாளான முட்டையின் அகன்ற முனை மேலே தூக்கும். மிதந்தால் ரொம்பப் பழசு என்று பொருள். அதை நான் அவிக்க எடுக்கமாட்டேன்.

ஓர் எச்சரிக்கை: நீண்ட நாள் தாங்குவதற்காக எண்ணெய் பூசப்பட்ட முட்டைகளும் உண்டு. துளைகள் அடைபட்டிருப்பதால் வாயு மெதுவாகத்தான் போகும். தேதியைப் பார்த்தால் பழசு, உரித்துப் பார்த்தால் புதுசு!

சனிக்கிழமை விருந்துக்கு முப்பது முட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முந்தின வாரம் புதன் அல்லது வியாழன் அன்றே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குளிரில் வாயு மெதுவாக வெளியேறுவதால் ஏழு முதல் பத்து நாள் தேவை. வெளியே வெப்பத்தில் இதே மாற்றம் சில நாட்களிலேயே நடந்துவிடும்; கிருமிகளும் அதே வேகத்தில் பெருகும். ஃப்ரிட்ஜில் இருந்த முட்டையை வெளியே எடுத்து வைத்துப் பழசாக்க நினைப்பது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது.

சனிக்கிழமை காலை, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முட்டைகளைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் வெள்ளைக்கரு மெதுவாகச் சூடாகிச் சவ்வோடு ஒட்டிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். கொதிநீரில் விழுந்தால் ஓரம் சட்டென்று உறைந்துவிடும். முப்பதையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால் கொதி அடங்கிப்போகும். பத்துப் பத்தாகப் போடுங்கள். தீயைக் குறைத்து 11, 12 நிமிடம் வெந்ததும் நேராக ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, பத்து நிமிடம் அப்படியே விடலாம். பிறகு அகன்ற முனையைத் தட்டி, சவ்வையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே உரித்தால் தோல் கழல்வது போல வந்துவிடும். ஓடு மட்டும் வந்து சவ்வு முட்டையிலேயே தங்கினால், முதலில் அந்தச் சவ்வின் ஓரத்தைத் தேடிப் பிடியுங்கள். மேலே சுரண்டுவது வீண்.

கையில் இருப்பது இன்றைய முட்டைதான் என்றால்? கொதிநீரில் இறக்குவதும் ஐஸ் தண்ணீரும் ஓரளவு கைகொடுக்கும். ஆவியில் வேகவைப்பதும் அப்படித்தான். தண்ணீரில் சமையல் சோடா போடச் சொல்லும் குறிப்புகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெள்ளைக்கரு ஓட்டுக்கும் சவ்வுக்கும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சோடா அதுவரை போய்ச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அப்படியும் வெள்ளைக்கரு பிய்ந்துபோனால் பொடியாக நறுக்கிப் பயன்படுத்துங்கள், ருசியில் ஒரு குறையும் இருக்காது.

பழைய முட்டைக்கும் குறைகள் உண்டு, அதையும் எழுதுங்கள். வெள்ளைக்கரு நீர்த்துப்போவதால் மஞ்சள் கரு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கும். பாதியாக வெட்டி அடுக்கும்போது இது தெரியும். காற்றறை இருந்த முனை தட்டையாக இருக்கும். காரம் கூடியிருப்பதால், அதிக நேரம் அவித்தால் மஞ்சள் கருவைச் சுற்றி அந்தச் சாம்பல் பச்சை வளையமும் சீக்கிரம் வரும். சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் படம் எடுக்கும் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் நேரத்தை மீறாதீர்கள்.

ஓடில்லாமல் கொதிநீரில் உடைத்து ஊற்றும் முட்டைக்கு மட்டும் 'புத்தம் புதிய' என்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே நீர்த்த வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்துபோகும். மற்ற குறிப்புகளில், பொருள் பட்டியலிலேயே 'முட்டை: வாங்கி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைத்தது' என்று எழுதினால் போதும். செய்முறையில் எழுதினால் வாசகர் அதைப் படிக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளை நம்பி முட்டை உரிப்பவன்