சந்தா கட்டும் முன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் பழைய படங்களைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டியதில் வந்த வினை இது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தை இப்போதே பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். ஏவி.எம். சென்னைக்குப் போவதற்கு முன் எங்கள் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்திருந்தபோது எடுத்த படம், குமாரி கமலாவின் நடனமும் பாரதி பாட்டும் உள்ள படம். "நம்ம ஊர்ல எடுத்த படத்தை நம்ம வீட்ல பாக்க முடியலைன்னா எப்படி?" என்றார். அவர் கேட்டதும் சரிதான்.

போன வருடம் இதே மாதிரி இன்னொரு பழைய படத்துக்காக ஒரு ஓடிடியில் ஒரு வருடச் சந்தா கட்டி ஏமாந்தேன். விளம்பரத்தில் போஸ்டர் இருந்தது, உள்ளே போனால் படம் இல்லை. பழைய படங்களை ஓடிடிக்காரர்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமை வாங்குகிறார்கள், காலம் முடிந்ததும் படம் போய்விடும், விளம்பரம் மட்டும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்த முறை பணம் கட்டுவதற்கு முன்பே தேடினேன்.

எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று காட்டுவதற்கென்றே JustWatch என்று ஒரு தளம் இருக்கிறது. பதிவு செய்யாமலே தேடலாம். ஆனால் நாடு இந்தியா என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், முகவரி justwatch.com/in என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அமெரிக்காவில் ஓடும் படத்தைக் காட்டும், நீங்கள் சந்தா கட்டிய பிறகுதான் அது இங்கே கிடையாது என்று தெரியும்.

அடுத்த சிக்கல் பெயர். இதே பெயரில் 1985-ல் சிவாஜி, பிரபு நடித்த படம் ஒன்று உண்டு. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று பிரபுதேவா படம் ஒன்று, அதே பெயரில் டிவி சீரியல் வேறு. போஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வருடத்தைப் பார்க்காமல் தட்டினால் வேறு படத்துக்குத்தான் போவீர்கள். ஆங்கிலத்தில் Naam என்றும் Nam என்றும் எழுதுகிறார்கள், ஒன்றில் வராவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் நடிகர் பெயரில் தேடி அவர் படங்களின் பட்டியலில் இறங்க வேண்டியதுதான்.

படம் கிடைத்தால் அது சந்தாவுக்குள் அடங்கியதா, தனியாக வாடகையா என்று பிரித்துக் காட்டும். நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். பிரைம் இருக்கிறது என்று நம்பிப் போனால் அங்கே வாடகைக்கு என்றிருக்கும், இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் Amazon Channel என்று ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால் பிரைமுக்கு மேல் அந்தச் சேனலுக்குத் தனிச் சந்தா. ஒரே ஒரு படம்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வாடகையே மலிவு, அப்பத்தா கேட்டதற்கெல்லாம் மாதச் சந்தா கட்டினால் கட்டுப்படியாகாது. ஆனால் வாடகைக்கு எடுத்த படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அப்பத்தா நாளுக்கு அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார், அவருக்கு இது சரிப்படாது.

அந்தத் தளம் காட்டியதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. படம் போன பிறகும் சில நாள் பழைய தகவலே நிற்கும். எனவே அந்த ஓடிடியின் தளத்தையே லாகின் செய்யாமல் பிரவுசரில் திறந்து படத்தின் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இது முடியும். ஆடியோ என்ன மொழி என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள், நம் படமே இந்தி டப்பிங்கில் மட்டும் இருப்பதும் உண்டு.

இத்தனை பழைய படத்துக்கு யூடியூபையும் விடக் கூடாது, உரிமை உள்ளவர்களே விளம்பரத்தோடு இலவசமாகப் போட்டிருப்பார்கள். 20 நிமிடத்துக்கு மேல் என்று வடிகட்டினால் துண்டுக் காட்சிகள் ஒழியும். அப்புறம் போட்ட சேனல் யாருடையது என்று பாருங்கள். கண்டவர்கள் ஏற்றியதில் படத்தை இடம் வலமாகத் திருப்பி, குரலைக் கீச்சென்று மாற்றி, பாட்டு வரும் இடத்தை வெட்டி வைத்திருப்பார்கள். பாட்டில்லாமல் இந்தப் படத்தை எதற்குப் பார்ப்பது?

எங்கள் வீட்டில் படம் எதில் ஓடியது என்று இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதம் அச்சாகி வருவதற்குள் அது அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். அப்பத்தா இரண்டு நாளில் பாதி பார்த்திருக்கிறார், மீதியை எப்போது போடுவாய் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாசகி,
காரைக்குடி