வாடகை ஆட்டோ ஓட்டுநர் சங்கம், திருநெல்வேலி சந்திப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சந்தா வரவும் செலவும் பொருளாளர் வாசிப்பார். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு அதிகம் பேசியது ஒன்றைத்தான்: வாடகை வண்டி ஓட்டுகிற நமக்கு ராத்திரி கையில் நிற்பது எவ்வளவு?

உறுப்பினர் ஒருவர் நோட்டுப் போட்டு எழுதிவந்தார். அவர் சம்மதத்தோடு இரண்டு நாளை மட்டும் சொல்கிறேன். நாள் வாடகை 350. எஃப்சி, இன்சூரன்சுக்கென்று ஓனருக்கு 100. வண்டி ஓடினாலும் ஸ்டாண்டில் கிடந்தாலும் இந்த 450 போய்விடும்.

முதல் நாள் கலெக்‌ஷன் 1,240. காலையில் சாவி வாங்கும்போதே சிலிண்டர் காலி, 380 ரூபாய்க்கு சிஎன்ஜி போட்டார். மிச்சம் 410 என்று எழுதினார். மறுநாள் கலெக்‌ஷன் 890தான், ஆனால் கேஸ் 100 ரூபாய்க்கே போட்டார். மிச்சம் 340. "சவாரி குறைஞ்சாலும் பெருசா அடி இல்லையே அண்ணாச்சி" என்றார்.

அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. கேஸ் பங்கில் கொடுத்த காசு அன்றைய செலவு இல்லை. ஓடிய தூரம்தான் செலவு. அவர் வண்டி கிலோவுக்கு 32 கிலோமீட்டர் தருகிறது. கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மீட்டரில் 96 கிலோமீட்டர்: மூன்று கிலோ, 270 ரூபாய். நிஜ மிச்சம் 520. மறுநாள் 64 கிலோமீட்டர், 180 ரூபாய். மிச்சம் 260. கலெக்‌ஷன் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே குறைந்தது, கைக்காசு சரிபாதி ஆகிவிட்டது. டீயும் மத்தியானச் சாப்பாடும் இதற்குள்ளேதான்.

ஃபுல் டேங்க் போட்டுப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். சிஎன்ஜியில் அதை நம்ப முடியாது. பங்கில் பிரஷர் குறைந்திருந்தால் 'ஃபுல்' என்று நிறுத்தும்போதும் சிலிண்டருக்குள் கேஸ் குறைவாகவே இருக்கும். பில்லில் எத்தனை கிலோ என்று பாருங்கள். சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் கிலோமீட்டர் எழுதுங்கள். பத்து நாள் கிலோவைக் கூட்டி, ஓடிய தூரத்தை அதால் வகுத்தால் உங்கள் வண்டியின் மைலேஜ் தெரியும். அது திடீரென்று இறங்கினால் முதலில் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும், டயரில் காற்றையும் பாருங்கள்.

காலி ஓட்டத்தையும் தனியாகக் குறிக்க வேண்டும். கேடிசி நகரில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஜங்ஷன் திரும்பினால் இரண்டு பக்கத்துக்கும் நம் கேஸ்தான். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய். சவாரி பேசும்போது இது மனதில் இருக்கட்டும்.

ஓனர்களோடு இரண்டு முறை உட்கார்ந்தோம். வண்டிக் கோளாறால் மதியத்துக்குள் நின்றால் பாதி வாடகை போதும் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். சாவி கொடுக்கும்போது சிலிண்டரில் மிச்சம் நிற்கும் கேஸுக்கான காசை மறுநாள் ஓட்டுபவர் கொடுக்க வேண்டும் என்பதும் முடிவானது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நாளுக்கும் அந்த 100 கேட்கிறார்கள், அதை மட்டும் விடவில்லை. இன்சூரன்சு வருஷம் முழுக்கத்தானே என்பது அவர்கள் வாதம். சம்பாத்தியமே இல்லாத நாளில் எதிலிருந்து கொடுப்பது என்பது நம் கேள்வி. அடுத்த மாதம் திரும்பவும் உட்காருகிறோம். நோட்டு எழுதியவர்கள் கையோடு கொண்டுவரவும்.

செயலாளர்