ஜெல் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியவை: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடைகளில் பணியாற்றும் மருந்தாளுநர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் மருந்தாளுநர். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டு எழுதிவைப்பது என் வேலையில் ஒரு பகுதி. மாத்திரைகளை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வலிக்குத் தடவும் ஜெல்லையும் ஸ்பிரேயையும் மட்டும் யாரும் தாமாகச் சொல்வதில்லை. “தோலில் ஏதாவது தடவுகிறீர்களா?” என்று தனியாகக் கேட்டால்தான், “ஆமா, அது மேல தடவுறதுதானே” என்று பதில் வரும். மருத்துவர் கேட்காத, நோயாளி சொல்லாத இந்த மருந்தைப் பற்றிப் பேச அவருக்கு வாய்ப்புள்ள ஒரே ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடல்.

ஜெல் ஆபத்தானது என்று சொல்ல வரவில்லை. மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலிக்கும் வயதானவருக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையைவிட ஜெல்லே நல்லது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் முழங்காலுக்கு ஜெல்லைத்தான் முதலில் கொடுக்கச் சொல்கிறது. ஏன் நல்லது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், எந்த இடத்தில் அந்த நன்மை குறையத் தொடங்குகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த ஒரு தடுப்பு. தடவிய மருந்தில் பெரும்பகுதி அதைத் தாண்டுவதே இல்லை. துணியில் ஒட்டும், கை கழுவும்போது போகும், காய்ந்து உதிரும். தாண்டிய சிறுபகுதி அடியிலுள்ள திசுக்களில் தங்கி, மெல்ல மெல்ல ரத்தத்துக்கு வருகிறது. ஒரு சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லின் ஒரு கிராமில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஒரு முழங்காலுக்கு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு வேளை என்றால் 16 கிராம் ஜெல். அதாவது தோல்மேல் 160 மில்லிகிராம் மருந்து. இப்படித் தடவியவர்களின் ரத்தத்தை அளந்து பார்த்தபோது, 50 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை விழுங்கினால் உடல் சந்திக்கும் மருந்தில் சுமார் 6 சதவீதம்தான் இருந்தது. 150 மில்லிகிராமில் 6 சதவீதம் என்றால் 9 மில்லிகிராம். நாள் முழுக்கத் தடவியும், ஒரு மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட விழுங்கியதாக ஆகவில்லை.

அதே ஆய்வில் இரண்டு முழங்கால்களுக்கும் இரண்டு கைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 48 கிராம் தடவிப் பார்த்தார்கள். அப்போது அந்த 6 சதவீதம் 20 சதவீதமானது. அதாவது 30 மில்லிகிராம், அரை மாத்திரைக்கும் மேல். உடல் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 32 கிராமைத் தாண்டக் கூடாது என்று இந்த ஜெல்லின் அமெரிக்கத் துண்டுப்பிரசுரம் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எத்தனை இடங்களில் தடவுகிறார் என்பதைப் பொறுத்து ரத்தத்தில் மருந்து கூடிக்கொண்டே போகும். இன்னொன்று, இந்த எண்கள் ஆரோக்கியமானவர்களின் காயமில்லாத தோலில் அளந்தவை. சொறிந்து புண்ணான தோலுக்கும், கரப்பான் வந்த தோலுக்கும், தடவியபின் இறுகக் கட்டிய துணிக்கும், மேலே வைத்த வெந்நீர்ப் பைக்கும் இவை பொருந்தா. அங்கெல்லாம் உள்ளே போகும் மருந்து கூடும். எவ்வளவு கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கள் வார்டில் பார்த்த ஒரு பெண்மணியின் கதை இந்தக் கணக்கைக் கண்ணெதிரே காட்டியது. வயது எழுபதுக்கு மேல். சிறுநீரகம் ஏற்கெனவே சற்றுத் தளர்ந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரிலும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் எடுத்துவந்தார். கால் வீங்கியிருக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்று வந்தார். கிரியாட்டினின் அவருக்கு வழக்கமாக இருப்பதைவிட வெகுவாக ஏறியிருந்தது. மருந்துப் பட்டியலில் வலி மாத்திரை எதுவும் இல்லை. ஜெல்லைப் பற்றித் தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. இரண்டு முழங்கால், ஒரு தோள்பட்டை, இடுப்பு என்று தினமும் நான்கு வேளை தடவியிருக்கிறார். தூங்கப் போகும்போது முழங்காலில் தடவித் துணியைச் சுற்றி, மேலே வெந்நீர்ப் பையும் வைத்திருக்கிறார். “ஒரு ட்யூப் எத்தனை நாள் வரும்மா?” என்று கேட்டேன். 30 கிராம் ட்யூப் ஒரு நாள்கூட முழுதாக வராது என்றார்.

இங்கே நடந்தது என்ன? சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயைத் திறந்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். டைக்ளோஃபினாக் அவற்றைக் குறைக்கிறது. ரத்தம் வெளியேறும் குழாயைச் சுருக்கி உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றும் வழியை ராமிப்ரில் அடைத்துவிடுகிறது. நீர் மாத்திரை உடலின் மொத்த நீரையே குறைக்கிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் சரிகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஒன்றுமே செய்யாத அரை மாத்திரை அளவு இவரைப் போன்றவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கப் போதுமானதாகிவிடலாம். ஜெல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அவருக்குச் சில நாள் வயிற்றுப்போக்கும் இருந்திருக்கிறது. ஜெல்லை நிறுத்தி, நீர்ச்சத்தைச் சரிசெய்ததும் கிரியாட்டினின் இறங்கியது. இப்படி ஆவது அரிதுதான். ஆனால் கடையிலேயே கண்டுபிடித்திருக்கக் கூடியது.

அதனால் நான் உங்களிடம் முதலில் கேட்பது, அந்த ட்யூப் கேள்வியை. ‘எத்தனை கிராம் தடவுகிறீர்கள்?’ என்றால் யாருக்கும் பதில் தெரியாது. ‘ஒரு ட்யூப் எத்தனை நாள் வரும்?’ என்றால் எல்லோருக்கும் தெரியும். தினம் ஒரு 30 கிராம் ட்யூப் காலியாகிறது என்றால் அவர் உச்ச வரம்பை நெருங்கிவிட்டார். ஒரு முழங்காலுக்கு மட்டும் வாங்குபவர் ஒரே ட்யூப் மாதக்கணக்கில் வருகிறது என்று சொன்னால், அவருக்கு ‘ஜெல் வேலை செய்யவில்லை’ என்ற குறையும் கட்டாயம் இருக்கும். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். முழங்காலுக்கு 4 கிராம் என்றால் அப்படி எட்டு முறை. பெரும்பாலானோர் ஒரு பொட்டு எடுத்துத் தடவிவிட்டு இரண்டு நாளில் கைவிடுகிறார்கள். மூட்டுத் தேய்மான வலியில் பலன் தெரிய ஏழு நாள்வரை ஆகலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெல் போதவில்லை என்று மாத்திரைக்குத் தாவுபவர்கள் இவர்கள்தான். ஜெல்லோடு அதே குடும்பத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால், ஜெல்லால் கிடைத்த பாதுகாப்பு அத்தனையும் போய்விடும். முழங்கால், கை, கணுக்கால் போன்ற தோலுக்கு அருகிலுள்ள மூட்டுகளுக்கே ஜெல் பொருந்தும் என்பதையும் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு வெகு ஆழத்தில் இருக்கிறது.

ஸ்பிரேயில் வேறு ஒரு சிக்கல். அடித்தவுடன் வரும் சில்லென்ற சுகம் பெரும்பாலும் மென்தாலும் ஆவியாகும் திரவமும் தருவது. டைக்ளோஃபினாக் அத்தனை சீக்கிரம் உள்ளே போய்விடாது. சில்லிப்பு அடங்கியதும் மருந்து தீர்ந்துவிட்டதாக நினைத்து மறுபடி அடிக்கிறார்கள். எவ்வளவு அடித்தோம் என்பது கண்ணுக்கும் தெரிவதில்லை. எத்தனை அழுத்து, எத்தனை வேளை என்று டப்பாவில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பல ஸ்பிரேக்களிலும் கலவை ஜெல்களிலும் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கும். வார்ஃபரின் எடுப்பவர் அதை நிறையப் பூசி, ஐ.என்.ஆர். ஏறிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

இதுவரை சொன்னவை அளவைப் பொறுத்தவை. அளவே முக்கியமில்லாத சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘கொஞ்சமாகத் தடவுங்கள்’ என்பது ஆலோசனையே ஆகாது.

ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ போட்டு மூச்சுத் திணறல், வீசிங், முகவீக்கம், தோல் தடிப்பு வந்தவர்கள் முதலில். ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். “வலி மாத்திரை போட்டு எப்போதாவது இழுப்பு வந்திருக்கிறதா?” என்ற ஒரு கேள்வி போதும். வந்திருக்கிறது என்றால் இந்த வகை ஜெல்லும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம்.

அடுத்தது கர்ப்பிணிகள். கடைசி மூன்று மாதங்களில் இந்த மருந்துகள் குழந்தையின் இதயத்துக்கு அருகிலுள்ள, பிறந்த பிறகே மூட வேண்டிய ரத்தக்குழாயை முன்னதாகச் சுருக்கிவிடக்கூடும். பனிக்குட நீரையும் குறைக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல், 20-ஆவது வாரத்திலிருந்தே இந்த வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்க எச்சரித்தது. ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குப் போவது குறைவுதான். ஆனாலும் எவ்வளவு இருந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு என்ற எல்லை தெரியாததால், கடைசி மூன்று மாதத்தில் ஜெல்லும் கூடாது. அதற்கு முன்பும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். முதுகுவலி என்று கணவர் வந்து வாங்கிப் போவார். யாருக்கு என்று கேட்காவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாலூட்டும் தாய் மார்பில் தடவக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கீட்டோபுரோஃபென் ஜெல் வாங்கிக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போகிறவர். இந்த மருந்து தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், தடவிய இடம் எரிந்து சிவந்து கொப்புளிக்கலாம். ஜெல் பட்ட கை தொட்ட மற்ற இடங்களிலும் வரலாம். 2010-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஆராய்ந்து, மருத்துவர் சீட்டோடு மட்டுமே தரச் சொன்னது. தடவும் நாட்களிலும் நிறுத்திய பின் இரண்டு வாரமும் அந்த இடத்தை வெயிலிலிருந்து மூடி வைக்க வேண்டும். ஆக்டோக்ரைலீன் உள்ள சன்ஸ்கிரீன் இவருக்கு உதவாது. அதுவே ஒவ்வாமையைக் கூட்டலாம்.

இத்தனையையும் கூட்டமான நேரத்தில் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே வேண்டுகோளைச் சுருக்குகிறேன். யாருக்கு, எந்தெந்த இடத்துக்கு, வேறென்ன மாத்திரை, வலி மாத்திரையால் இழுப்பு வந்ததுண்டா என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, வயிற்றுப்புண் இருப்பவரை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். பிறகு டப்பாவின் மேல் பேனாவால் எழுதிக் கொடுங்கள்: வேளைக்கு எத்தனை விரல் அளவு, நாளுக்கு எத்தனை வேளை, சூடும் கட்டும் வேண்டாம், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும். சுளுக்குக்கு என்றால் அந்தத் தேதி இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். சிறுநீர் குறைந்தால், கால் வீங்கினால், மலம் கறுத்தால் அந்தத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது ட்யூபையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவு மருந்தாளுநர் ஒருவர்