செவிப்புலன் கருவி அணியும் மாணவர்கள் பாடசாலையில் கேலிக்கும் தொல்லைக்கும் உள்ளாவதைத் தடுப்பது தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கொழும்பு கல்வி வலயம்.

மதிப்புக்குரிய ஐயா,

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய். என் மகன் தரம் 7இல் தமிழ்மொழி மூலம் படிக்கிறான். சிறுவயதிலிருந்தே இரு காதுகளிலும் கருவி அணிகிறான். பாடசாலையின் பெயரை இங்கே எழுதவில்லை. யாரையும் தண்டிக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை.

விசயம் எனக்குத் தெரியவந்தது பற்றரியால்தான். அவனுடைய கருவிக்குப் போடும் 13ஆம் இலக்கப் பற்றரி பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். கடந்த தவணையில் ஒரு சோடி மூன்று வாரம் ஓடியது. முதலில் நல்ல பற்றரி கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். அப்புறம்தான் விளங்கியது, பிள்ளை பாடசாலை வாசலிலேயே கருவியைக் கழற்றிப் புத்தகப் பையில் போட்டுவிடுகிறான். அதே தவணையில் வகுப்பாசிரியர் "கவனக்குறைவு" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதியிருந்தார். கேட்காத பிள்ளைக்கு எப்படிக் கவனம் இருக்கும்?

கருவியைக் கையால் பொத்தினால் அது கீச்சென்று சத்தமிடும். வகுப்பில் சில பொடியள் இதைக் கண்டுபிடித்து, பின்னால் வந்து அவன் காதைப் பொத்துவார்களாம். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கூர்மையான சத்தம் பல நேரம் அவனுக்கே கேட்காது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சேர்ந்து சிரித்திருக்கிறான். இதை அவன் சொன்ன இரவு என்னால் சாப்பிட முடியவில்லை.

பாடசாலையில் முறையிட்டேன். அந்தப் பொடியள் மூன்று பேரையும் இவனையும் ஒரே அறையில் நிறுத்தி, கைகொடுக்க வைத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் "கோள்மூட்டி" என்ற பட்டமும் சேர்ந்தது. இரண்டு பேர் சண்டை பிடித்தால் சமாதானம் பேசலாம். ஒருவனை மூவர் வதைக்கும்போது அவர்கள் முன்னாலேயே அவனிடம் விசாரித்தால் அவன் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வான். பிறகு இவனை வேறு வகுப்புக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். அவன் என்ன பிழை செய்தான்?

நிலைமையை மாற்றியது ஒரு ஆசிரியை. அவர் இவனைத் தனியே இருத்தி, யார் என்று கேட்காமல், ஒரு தாளில் பாடசாலையின் படத்தைக் கீறி, எங்கே, எப்போது என்று கேட்டார். மூன்று இடங்களில் புள்ளடி விழுந்தது: தண்ணீர்க் குழாயடி, மேல்மாடிப் படிக்கட்டு, பாடசாலை வேன். மூன்றிலும் பெரியவர்களின் கண் இல்லை. அடுத்த நாளிலிருந்து இடைவேளையில் குழாயடியில் ஓர் ஆசிரியரும் படிக்கட்டில் மாணவத் தலைவர் ஒருவரும் நின்றார்கள். வேனில் மகன் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையில் இருந்தான். அந்த மூன்று பொடியளுடனும் ஆசிரியை தனித்தனியாகப் பேசினார். பார்த்துச் சிரித்த பிள்ளைகளிடம், சண்டைக்குப் போகாமல் "வாடா போவம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாலே போதும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு கிழமை கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மகனை மறுபடி அழைத்து விசாரித்தார்.

பெற்றோர் பக்கமும் சொல்ல வேண்டும். ஒரு பொடியனின் தகப்பனார் "பிள்ளைகளின் விளையாட்டுத்தானே" என்றார். கருவியை அவருடைய உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் பேசாமல் இருந்தார். பின்னர் தன் மகனைத் தானே கூட்டிவந்தார். என் வீட்டிலும், "நீயும் திருப்பி அடி" என்று சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் அதை நிறுத்தினார்.

இப்போது பன்னிரண்டாம் நாள் பற்றரி கேட்டு வருகிறான்.

ஒரு ஆசிரியையின் நல்ல மனதால் நடந்த இது எல்லாப் பாடசாலையிலும் நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை அந்தக் காரணத்துக்காகப் பாடசாலையில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. சேர்ந்த பிள்ளை உள்ளே நிம்மதியாக இருக்கவும் வழி வேண்டும். ஆகவே, இப்படியான முறைப்பாடு வந்தால் இரு தரப்பையும் நேருக்கு நேர் நிறுத்தாமல் தனித்தனியே விசாரிக்கவும், இடம், நேரம், எடுத்த நடவடிக்கை, மறுபடி விசாரிக்கும் திகதி ஆகிய நான்கையும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதவும், பாதிக்கப்பட்ட பிள்ளையை வகுப்பு மாற்றாதிருக்கவும் அதிபர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறேன். வருடத் தொடக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெற்றோர், பாட ஆசிரியர்களையும் வேன் சாரதியையும் அரை மணி நேரம் சந்தித்துக் கருவியைக் காட்டி விளக்க இடமளிக்க வேண்டும். பிள்ளை சம்மதித்தால் மட்டும் வகுப்புக்கும் காட்டலாம்.

நேரில் விளக்க ஒரு திகதி தந்தால், அந்த ஆசிரியை கீறிய படத்தின் பிரதியுடன் வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரம் 7 மாணவன் ஒருவனின் தாய்
வெள்ளவத்தை, கொழும்பு 06
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)